இங்கிலாந்தில் கேர் ஹோம் வேலைக்கு அப்ளை பண்றேன், மூணு வருஷ இடைவெளியை 300 எழுத்துப் பெட்டியில் எப்படிச் சொல்றது?

புதுசு_லெஸ்டர்: மதுரையில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்கு பார்த்தேன். 2021 பிப்ரவரியில் விட்டேன். மாமியார் படுத்த படுக்கை, 2023 ஆகஸ்ட் வரை நான்தான் பார்த்தேன். செப்டம்பரில் கணவரோட விசாவில் இங்கே வந்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துட்டு, 2024 பிப்ரவரியிலிருந்து வேலை தேடறேன். படிவத்தில் இடைவெளிக்குக் காரணம் கேட்டு 300 எழுத்துதான் தர்றாங்க. "குடும்பச் சூழ்நிலை"ன்னு போட்டா போதுமா?

கவுண்டர்_7: கடைசி 3 வருஷம்தான் பார்ப்பாங்க, அதுக்கு முன்னாடி எதுவும் எழுத வேண்டாம்.

பழைய_கோப்பு: 3 வருஷக் கணக்கு அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். வேலைகளுக்கான குறைந்தபட்ச அளவு. இவங்க கேக்கறது கேர் ஹோம். இங்கிலாந்தில் கேர் ஹோம்களைக் கண்காணிக்கிற சி.க்யூ.சி.யில் பதிவான இடங்களுக்கு 2014 விதிமுறைப்படி முழு வேலை வரலாறு வேணும், ஒவ்வொரு இடைவெளிக்கும் எழுத்துப்பூர்வமான, திருப்தியான விளக்கமும் வேணும். இன்ஸ்பெக்டர் வந்தா உங்க கோப்பைப் புரட்டலாம். அதனால மேனேஜருக்கு இது வெறும் ஆர்வமில்லை. படிப்பு முடிச்சதுலேருந்து மாதக் கணக்கில் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்க. வேற ஓட்டை இருந்தா இப்பவே தெரிஞ்சிடும்.

"குடும்பச் சூழ்நிலை" உண்மைதான், ஆனா கோப்பில் வைக்க ஆகாது. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்ன செஞ்சீங்க, எந்த நாட்டில், சம்பள வேலை இருந்ததா, இந்த நாலும் இருந்தா மேனேஜர் திரும்பிக் கேக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இந்த அர்த்தம் வர்ற மாதிரி போடுங்க:

"2021 மார்ச் – 2023 ஆகஸ்ட்: இந்தியா, மதுரை. வீட்டில் மாமியாரை முழுநேரமும் சம்பளமின்றிப் பராமரித்தேன். 2023 செப்டம்பர் – 2024 ஜனவரி: பிரிட்டனுக்குக் குடிவந்து பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தேன். 2024 பிப்ரவரி முதல்: வேலை தேடுகிறேன். இந்தக் காலம் முழுவதும் சம்பள வேலை இல்லை."

ஆங்கிலத்தில் இடைவெளிகளையும் சேர்த்து சுமார் 250 எழுத்துதான் வரும். மீதி இடத்தை நிரப்பணும்னு எதையும் சேர்க்காதீங்க.

நாட்டை எழுதச் சொன்னதுக்குக் காரணம் உண்டு. வேலைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி இங்கே செய்யற டி.பி.எஸ். குற்றப் பதிவுச் சோதனை வெளிநாட்டுக் குற்றப் பதிவுகளைப் பார்க்காது. மதுரையில் இருந்த காலத்துக்கு இந்தியப் போலீஸ் சான்றிதழ் கேக்கலாம். முதல்லயே தெரிஞ்சா வாங்கி வச்சுக்கலாம்.

கவுண்டர்_7: சரி, அந்த 3 வருஷ விஷயத்தில் நான் தப்பு. ஆனா மாமியாரைப் பார்த்ததையே "கேர் அசிஸ்டன்ட்"னு வேலைப் பகுதியில் போட்டா அனுபவமா எண்ணுவாங்களே?

பழைய_கோப்பு: அங்கே போட்டா முதலாளி பேரும் ரெஃபரன்ஸும் கேப்பாங்க. யாரைக் காட்டுவீங்க? இடைவெளிப் பெட்டியிலேயே இருக்கட்டும். தூக்கி உட்கார வச்சது, மருந்து நேரம் பார்த்ததையெல்லாம் ஏன் இந்த வேலைன்னு கேக்கற பெரிய பெட்டியில் எழுதலாம். மாமியாரோட நோய்ப்பேர் எங்கேயும் வேண்டாம், அது அவங்க விஷயம்.

புதுசு_லெஸ்டர்: ரிலீவிங் லெட்டரில் 12 பிப்ரவரின்னு இருக்கு. நான் மார்ச்னு எழுதலாமா?

பழைய_கோப்பு: வேலைப் பகுதியில் முடிவு "பிப்ரவரி 2021"னு போடுங்க, இடைவெளி மார்ச்சில் தொடங்கட்டும். ரெண்டும் ஒட்டி வரும். மாட்டிக்கிறது எங்கேன்னா, வேலை முடிஞ்சது ஏப்ரல்னு ஞாபகத்தில் எழுதி, பழைய கம்பெனி பிப்ரவரின்னு பதில் அனுப்பறப்பதான். ரெண்டு மாசப் பிசகுதான், ஆனா மறைச்ச மாதிரி தெரியும். லெட்டரை முன்னாடி வச்சுக்கிட்டே நிரப்புங்க.

இன்னொண்ணு, வேர்டில் எழுதி ஒட்டினா சில படிவம் 300க்கு மேல வர்றதைச் சொல்லாமலே வெட்டிடும். அனுப்பறதுக்கு முன்னாடி கடைசி வாக்கியம் முழுசா இருக்கான்னு பாருங்க.

குரோய்டன்_அண்ணை: எனக்கு வேறை பிரச்சினை. இஞ்ச வந்து கேஸ் முடியும் வரைக்கும் ரெண்டு வருஷம் வேலை செய்ய அனுமதி இல்லை. நோயும் இருந்தது. அதை எழுதினால் கூப்பிடுவினமோ?

பழைய_கோப்பு: அண்ணை, "பிரிட்டனில் வேலை செய்ய அனுமதியில்லாத காலம், இப்போது அனுமதி உண்டு" எண்டு மாதத்தோட எழுதுங்கோ. கேஸின்ர கதை அந்தப் பெட்டிக்குத் தேவையில்லை. நோயைப் பற்றி, 2010 சமத்துவச் சட்டப்படி வேலை தர முன்வரும் வரைக்கும் பொதுவா அவை கேக்கக் கூடாது, சில விலக்கு இருக்கு. நீங்களா எழுதத் தேவையில்லை.

குரோய்டன்_அண்ணை: அந்த நேரம் சொந்தக்காரற்றை கடையிலை சும்மா நிண்டனான். அதையும் போடவோ?

பழைய_கோப்பு: காசு வாங்காட்டியும், அனுமதியில்லாத நேரம் கடையில நிண்டது வேலையா எண்ணப்படலாம். அதை எழுத முதல் ஒரு குடிவரவு வக்கீலிட்டக் கேளுங்கோ. இஞ்ச நான் ஊகிக்க மாட்டன்.

ஈஸ்ட்ஹாம்_கீதா: சிவியில் ஃபோட்டோ ஒட்டணுமா?

புதுசு_லெஸ்டர்: அக்கா, அது வேற கேள்வி! லெட்டர் எடுத்து வச்சாச்சு, இன்னிக்கு ராத்திரி நிரப்பறேன். 2016ல ஒரு ஏழு மாசம் பிரசவத்துக்கு வீட்டில் இருந்தேன், அதையும் போடணும் போல.

பழைய_கோப்பு: வேலையை விட்டிருந்தா போடணும். மெட்டர்னிட்டி லீவுன்னா வேலை தொடர்ந்ததாத்தான் கணக்கு, அது இடைவெளியே இல்லை.