மூன்று வாரத்துக்கு ஒரு செல் கேட்கும் வயர்லெஸ் மவுஸ்: கோளாறு எங்கே?

அழைப்பிதழ்கடை
வணக்கம். கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து அச்சடித்துத் தரும் கடை வைத்திருக்கிறேன். என் மவுஸ் ஒரே ஒரு பென்சில் செல்லில் ஓடும் வயர்லெஸ் மவுஸ். டப்பாவில் ஒரு வருஷம் வரும் என்று போட்டிருக்கிறது, எனக்கு மூன்று வாரம்தான் வருகிறது. போன மாதம் எதிர்த்த பெட்டிக்கடையில் சிவப்பு செல் வாங்கிப் போட்டேன், அது ஆறே நாளில் தீர்ந்துவிட்டது. கீபோர்டும் வயர்லெஸ்தான், ஆனால் அதில் போன ஆடியில் போட்ட செல் இன்னும் ஓடுகிறது. சில நேரம் கர்சர் விட்டுவிட்டு நகர்கிறது. சம்பந்தம் உண்டா தெரியவில்லை, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பத்து நிமிஷத்தில் மானிட்டர் அணையும்படி வைத்திருக்கிறேன், ஆனால் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எரிந்துகொண்டேதான் இருக்கிறது. மவுஸையே மாற்றிவிடலாமா?

கேபிள்காரன்
ரிசீவரை எங்கே செருகியிருக்கிறீர்கள் அண்ணே? சிபியு பின்னாடி என்றால் அதுதான் காரணம். தகரப் பெட்டி மறைக்கும்போது மவுஸ் அனுப்புகிற தகவல் போய்ச் சேராது, திரும்பத் திரும்ப அனுப்பும், செல் தீரும். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, ரிசீவரை மேசைமேல் மவுஸுக்கு ஒரு அடி தூரத்தில் கொண்டுவாருங்கள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

ராணி டீச்சர்
எங்கள் பள்ளியிலும் இதே தொல்லைதான். இரண்டு வாரத்தில் கீபோர்டு செல் காலி. கடைசியில் பார்த்தால், சாயங்காலம் கம்ப்யூட்டரை மூடும்போது வருகைப் பதிவேட்டை கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போகிறோம். இரவெல்லாம் ஏதோ ஒரு கீ அமுங்கியே இருந்திருக்கிறது. பதிவேட்டை இடம் மாற்றி வைத்தோம், சரியாகிவிட்டது. உங்கள் கீபோர்டு மேல் ஏதாவது வைக்கிறீர்களா என்று பாருங்கள்.

அழைப்பிதழ்கடை
டீச்சர், என் கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது, மவுஸ்தான் பிரச்சனை. கேபிள்காரன் தம்பி சொன்னது சரி, ரிசீவர் சிபியு பின்னாடிதான் இருந்தது, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்துத் துளையில். எக்ஸ்டென்ஷன் வாங்கி மேசைக்குக் கொண்டுவந்தேன். கர்சர் விட்டுவிட்டு நகர்வது அன்றைக்கே நின்றுவிட்டது. புது செல்லும் போட்டேன். இருபத்திரண்டாம் நாள் தீர்ந்துவிட்டது.

பழைய சர்வீஸ்மேன்
ஐயா, மவுஸை மாற்ற வேண்டாம். இங்கே மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது, தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கர்சர் தடுமாறியதற்குக் காரணம் தூரமும் தகரமும் மட்டுமல்ல, அந்த ஹார்ட் டிஸ்கும்தான். யுஎஸ்பி 3 துளையும் அதன் கேபிளும் வேலை செய்யும்போது வெளிவிடுகிற ரேடியோ இரைச்சல், மவுஸ் பேசுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் இடத்திலேயே விழும். ரிசீவரை அங்கிருந்து தள்ளி வைத்தீர்கள், தீர்ந்தது.

சிவப்பு செல் ஆறு நாளில் போனது அதன் இயல்பு. செல்லின் உடம்பில் பொடி எழுத்தில் பாருங்கள். `R6` என்று இருந்தால் துத்தநாக-கார்பன், `LR6` என்று இருந்தால் அல்கலைன். மேலே பெரிய எழுத்தில் "ஹெவி டியூட்டி" என்று போட்டிருப்பது பெரும்பாலும் அந்த கார்பன் செல்தான், பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. நல்ல அல்கலைன் செல்லில் இரண்டாயிரம் மில்லிஆம்பியர்-மணிக்கு மேல் கிடைக்கும், மலிவான கார்பன் செல்லில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கலாம்.

மூன்றாவதுதான் உண்மையான கோளாறு. மானிட்டர் அணைவதில்லை என்று போகிறபோக்கில் சொன்னீர்களே, அதில் இருக்கிறது பதில். நீங்கள் சாப்பிடப் போனபிறகும் மவுஸ் "நகர்ந்தேன், நகர்ந்தேன்" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. உங்கள் மேசைமேல் என்ன இருக்கிறது?

அழைப்பிதழ்கடை
கண்ணாடி. அதன் அடியில் பத்திரிகை மாதிரிகளைப் பரப்பி வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்க. மவுஸ் ஓடுகிற இடத்துக்கு நேர் கீழே தங்க ஃபாயில் போட்ட பிள்ளையார் கார்டு ஒன்று இருக்கிறது. மவுஸ் பேட் வைத்தால் மாதிரிகள் மறைகின்றன என்று எடுத்துவிட்டேன்.

பழைய சர்வீஸ்மேன்
அதேதான். மவுஸின் வயிற்றில் சின்ன கேமரா ஒன்று இருக்கிறது, தரையைப் படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் அசைவைக் கண்டுபிடிக்கிறது. அசைவில்லை என்றால் படிப்படியாகப் படம் எடுப்பதைக் குறைத்துத் தூங்கப் போகும். கண்ணாடியும் தங்க ஃபாயிலும் வெளிச்சத்தைத் தெறிக்கவிடுவதால், ஒன்றுக்கொன்று ஒட்டாத படங்கள்தான் அதற்குக் கிடைக்கின்றன. கையை எடுத்தபிறகும் அசைவதாகவே நினைத்துக்கொள்கிறது, தூங்குவதே இல்லை.

மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். செல்லின் மைனஸ் முனைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு துண்டுப் பத்திரிகை அட்டையைச் சொருகுங்கள். மீட்டரின் ஒரு கம்பி செல்லில், இன்னொன்று ஸ்பிரிங்கில். சிவப்புக் கம்பி மில்லிஆம்பியர் எழுதிய துளையில் இருக்கட்டும். மீட்டரை 200 மில்லிஆம்பியரில் வையுங்கள். 10 ஆம்பியரில் வைத்தால் இவ்வளவு சின்ன அளவு தெரியாது, 20 மில்லிஆம்பியரில் வைத்தால் மீட்டரே வோல்ட்டைத் தின்று மவுஸ் அணைந்து அணைந்து எரியும். கண்ணாடிமேல் ஒரு தடவை, வெள்ளைத் தாள்மேல் ஒரு தடவை, மவுஸைத் தொடாமல் ஐந்து நிமிஷம் விட்டுப் பாருங்கள்.

அழைப்பிதழ்கடை
அளந்துவிட்டேன் ஐயா, பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கண்ணாடிமேல்: நகர்த்தும்போது 4.6, கையை எடுத்தபிறகு 4.0, ஐந்து நிமிஷம் கழித்தும் அதே 4.0. தாள்மேல் வைத்தேன்: நகர்த்தும்போது 4.4, கையை எடுத்த சில நொடியில் 0.7, பிறகு 0.2. கடை விளக்கை அணைத்துப் பார்த்தோம், மவுஸ் ஓரத்தில் கசிகிற சிவப்பு வெளிச்சமும் தாள்மேல் மங்கிவிடுகிறது, கண்ணாடிமேல் மங்கவே இல்லை.

பழைய சர்வீஸ்மேன்
கணக்கு நேராகவே வருகிறது. இரவும் பகலும் 4 மில்லிஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 96. இரண்டாயிரத்தை அதால் வகுத்தால் 21 நாள். உங்கள் கார்பன் செல்லில் அறுநூறு கிடைத்தது என்று வைத்தால் ஆறு நாள். இனி தாள்மேல் பாருங்கள்: உண்மையில் கை மவுஸில் இருப்பது நாலு மணி நேரம் என்றால் 18, மீதி இருபது மணி நேரத்துக்கு 4. மொத்தம் 22, ஏறக்குறைய மூன்று மாதம். இரவில் அடியிலுள்ள சுவிட்சை அணைத்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

கேபிள்காரன்
அப்படியென்றால் டப்பாவில் போட்ட ஒரு வருஷம் எங்கே போனது? திரும்பத் திரும்ப அனுப்புவதிலும் செலவு உண்டுதானே அண்ணே.

பழைய சர்வீஸ்மேன்
உண்டு தம்பி, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது நொடியில் சிறு பங்கு நேரம் வந்துபோகிற செலவு, இந்த மீட்டர் சராசரியைத்தான் காட்டும், பிரித்துச் சொல்லாது. டப்பாக் கணக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைப்பதாக வைத்துப் போட்டது என்பதைப் பொறுத்தது. டிசைன் வேலைக்கு அது ஒத்துவராது.

ராணி டீச்சர்
சார்ஜ் செய்கிற செல் போடலாமா? நாங்கள் போட்டால் சார்ஜ் ஏற்றிய மறுநாளே பேட்டரி குறைவு என்று காட்டுகிறது.

பழைய சர்வீஸ்மேன்
தாராளமாகப் போடலாம் டீச்சர். அது 1.2 வோல்ட் செல். காட்டுகிற அளவுகோல் 1.5 வோல்ட் செல்லை நினைத்துச் செய்தது, அதனால்தான் பயமுறுத்துகிறது. எச்சரிக்கை வந்தாலும் ஓடவிடுங்கள். இரண்டு செல் போடுவதில் ஒன்று பழையது, ஒன்று புதியது என்று மட்டும் கலக்காதீர்கள். பழையது ஒழுகி ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

அழைப்பிதழ்கடை
பிள்ளையார் கார்டை மேசையின் மறுகோடிக்கு மாற்றிவிட்டேன். மவுஸுக்கு எங்கள் கடைத் துண்டு அட்டையிலேயே பளபளப்பில்லாத பேட் ஒன்று வெட்டிப் போட்டாயிற்று. LR6 செல் போட்டு இன்றோடு நாற்பத்தோரு நாள், இன்னும் ஓடுகிறது. மதியம் மானிட்டரும் அணைகிறது. ஒரே ஒரு சங்கடம்: சாப்பிட்டுவிட்டு வந்து முதல் கிளிக் செய்தால் எடுப்பதில்லை, இரண்டாவதுதான் எடுக்கிறது. இது தூக்கத்தில் இருந்து எழுவதாலா, பட்டன் தேய்ந்ததாலா?

கேபிள்காரன்
கிளிக் செய்யுமுன் மவுஸைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள் அண்ணே. அதன்பிறகு முதல் கிளிக்கே எடுத்தால் தூக்கம்தான். அப்போதும் எடுக்கவில்லை என்றால் பட்டனைப் பார்க்க வேண்டியதுதான்.