‘அறிவிப்பை நிராகரி’: பொத்தானுக்கு இது பொருந்துமா?

மலர்விழி:
வணக்கம். திறன்பேசிச் செயலி ஒன்றில், அறிவிப்பின் கீழே வரும் `Dismiss` பொத்தானுக்கு ‘நிராகரி’ என்று போட்டிருக்கிறோம். படித்துப் பார்த்தவர்கள் ‘எங்கேயோ இடிக்கிறது’ என்கிறார்கள். எது இடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செந்தில்:
இடிக்க ஒன்றுமில்லை. ‘அறிவிப்பை நிராகரித்த’ என்று மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடுங்கள், செய்தித்தாள்களிலேயே வருகிறது. புழக்கத்துக்கு வேறென்ன சான்று வேண்டும்?

கூடல்வாசி:
செந்தில், வந்த வரிகளைப் படித்தீர்களா? ‘அரசின் அறிவிப்பைத் தொழிற்சங்கங்கள் நிராகரித்தன’ என்ற வகைதான் அவை. அங்கே அறிவிப்பு என்பது ஒருவர் எடுத்த முடிவு, அதை மற்றவர் ஏற்க மறுக்கிறார். பொத்தானை அழுத்துகிறவர் எதையும் மறுக்கவில்லை. பார்த்தாயிற்று, கண்ணெதிரே இருந்து போகட்டும் என்கிறார், அவ்வளவுதான். சொல் அதே, பொருள் வேறு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

முதலில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் ‘நிராகரி’யைப் பாருங்கள். ஆங்கிலப் பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு தமிழ் விளக்கத்தையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் மட்டும் படியுங்கள். ஆங்கிலத்தைப் பார்த்தால் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடுவோம். கோரிக்கை, மனு போன்றவைதான் இந்த வினைக்கு இயல்பான துணை. 1924-இல் வெளிவரத் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இதற்கு அதிகம் உதவாது. சொல்லின் பழைய வழக்கை அது நன்றாகக் காட்டும், இன்று எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பதை அதில் எதிர்பார்க்க முடியாது.

அடுத்து, உங்கள் தொடரைத் தேடாதீர்கள். பெயரை மட்டும் கொடுத்து, பின்னால் என்ன வினை வருகிறது என்று பாருங்கள். லைப்சிக் பல்கலைக்கழகத் தளத்தில் தமிழ் வாக்கியத் தொகுப்புகளை இறக்கிக்கொள்ளலாம்.

```
uconv -x any-nfc sentences.txt > nfc.txt
grep -oE 'அறிவிப்ப\S*ை([கசதப]்)?\s+\S+' nfc.txt |
  sort | uniq -c | sort -rn | head -40
```

முதல் வரியை விட்டுவிட வேண்டாம். ‘கொ’வில் உள்ள கொம்பும் காலும் சில கோப்புகளில் ஒரே குறியாகவும் சிலவற்றில் இரண்டாகவும் இருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலில் பாதி நழுவிவிடும். அடைப்புக்குள் இருக்கும் க ச த ப வலி மிகுவதற்காக. ‘அறிவிப்பைச் செய்தார்’ அது இல்லாமல் வராது.

வினையைத் தேடும்போது கடைசி உகரத்தை வெட்டிவிடுங்கள். ‘அகற்று’ என்று கொடுத்தால் அகற்றினார், அகற்றிய எல்லாம் போய்விடும்; ‘அகற்ற’ என்றால் எல்லாம் வரும். அதே உத்தியில் ‘மூட’ என்று தேடினால் மூடநம்பிக்கையும் சேர்ந்து வரும், களைந்துகொள்ள வேண்டியதுதான்.

செந்தில்:
ஓட்டிப் பார்த்தேன். ‘வெளியிட்ட’ வகையறாதான் மேலே நிற்கிறது. ஆனால் ‘அறிவிப்பை முதல்வர்’, ‘அறிவிப்பை மத்திய’ என்றெல்லாம் வருகிறதே?

கூடல்வாசி:
நம் வாக்கியத்தில் செயப்படுபொருளுக்கும் வினைக்கும் இடையே எழுவாய் புகுந்துகொள்ளும். அந்த வரிகளை முழுதாகப் படித்துத்தான் ஆக வேண்டும். விக்கிப்பீடியாத் தொகுப்பையும் செய்தித் தொகுப்பையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். விக்கியில் மொழிபெயர்த்த கட்டுரைகள் நிறைய உண்டு. நாம் எதைச் சோதிக்கிறோமோ அந்தக் குறையே அங்கே சான்றாக வந்து நிற்கும்.

நளாயினி:
நான் மருத்துவக் கையேடு ஒன்றைத் திருத்துகிறேன். ‘பரிசோதனை எடுங்கள்’ என்பதும் இந்த வகைப் பிழைதானே?

கூடல்வாசி:
வேறு கிளை அம்மா, ஆனாலும் வழி ஒன்றுதான். ஸ்கேன் எடுப்போம், எக்ஸ்ரே எடுப்போம். பரிசோதனை என்று தமிழில் சொன்னதும் ‘செய்துகொள்ளுங்கள்’ என்றுதான் வாயில் வரும். கடன்சொல்லைத் தமிழாக்கும்போது அதோடு ஒட்டியிருந்த வினையையும் மாற்ற மறந்துவிடுகிறோம்.

வடமராட்சியான்:
எங்கட பக்கத்தையும் கவனியுங்கோ. இலங்கைத் தேர்தல் முடிவுகளில் ‘நிராகரிக்கப்பட்ட வாக்குகள்’ எண்டுதான் போடுவினம், தமிழ்நாட்டில் அது ‘செல்லாத வாக்குகள்’. எங்கட ஆக்களுக்கு நிராகரி எண்டால் இன்னும் கடுமையாய்க் கேக்கும்.

மலர்விழி:
அப்படியானால் ‘நிராகரி’ வேண்டாம். ஆனால் திரையில் வரும் இந்த அறிவிப்பு செய்தித் தொகுப்பில் அநேகமாக இல்லையே. எதை வைத்து வினை தேடுவது?

கூடல்வாசி:
பார்வையை மறைக்கும் வேறு பொருள்களைத் தேடுங்கள்: திரை, போர்வை, நெற்றியில் விழும் முடி. சிறுகதை, புதினங்களில் இவற்றோடு ‘விலக்கு’, ‘ஒதுக்கு’ இரண்டும் வரும். ‘ஒதுக்கு’ நினைவக ஒதுக்கீட்டோடு மோதும். என் ஓட்டு ‘விலக்கு’க்கு.

செந்தில்:
பொத்தானில் தனியாக ‘விலக்கு’ என்று பார்த்தால் வரிவிலக்கு, மதுவிலக்குதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ‘மூடு’ போதாதா?

மலர்விழி:
‘மூடு’ `Close` பொத்தானுக்குப் போய்விட்டது. சில திரைகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ‘விலக்கு’, ‘அகற்று’ இரண்டையும் போட்டு, சூழல் சொல்லாமல் பத்துப் பேரிடம் ‘இதை அழுத்தினால் என்ன ஆகும்?’ என்று கேட்டுவிட்டு வருகிறேன்.

வடமராட்சியான்:
அந்தப் பத்தில் ரெண்டு பேராவது இலங்கையில் இருந்து இருக்கட்டும்.