இரு பகுதிக் கட்டணக் கணக்கு: நுழைவுக் கட்டணம் 800 வருகிறது, விடையோ 32

குமிழி: நாளை ஒப்படைக்க வேண்டிய கணக்கு. ஒரு நிறுவனம் ஒவ்வொருவரிடமும் முதலில் நுழைவுக் கட்டணமும், பிறகு வாங்கும் ஒவ்வோர் அலகுக்கும் ஒரு விலையும் வாங்குகிறது; உச்ச லாபத்துக்குத் தலைக்கு எவ்வளவு நுழைவுக் கட்டணம் என்பதே கேள்வி. ஒரே மாதிரியான 100 நுகர்வோர்; மொத்தத் தேவை Q = 1000 − 100p. முற்றுரிமை விலையான 6-ஐ வைத்து, அதற்கு மேல் எஞ்சும் முக்கோணத்தின் பரப்பான 800-ஐ நுழைவுக் கட்டணமாக எழுதினேன். விடைப்பக்கத்தில் 32 என்றிருக்கிறது. தவறு எங்கே?

தராசு: உற்பத்திச் செலவைச் சொல்லவில்லையே? அந்த 800 தலைக்கா, மொத்தத்துக்கா?

குமிழி: மன்னிக்கவும், அலகுக்கு 2, நிலைச் செலவு இல்லை. தலைக்கு என்றுதான் எழுதினேன்.

பழையபெஞ்சு: இதே பிழையைத் திருத்தித் திருத்தி என் விரல் தேய்ந்துவிட்டது. 4 அலகு வாங்கி 8 மட்டுமே உபரி காணும் ஒருவர், 800 கொடுத்து உள்ளே வருவாரா? வரைபடத்தில் தலையையும் கூட்டத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

கரைமேல்: கட்டணத்தை 8 என்று திருத்தினால் போதும். விலை 6-தான் உச்ச லாபம் தருவது. விற்பனையில் 16, கட்டணத்தில் 8, தலைக்கு ஆக 24. விடைப்பக்கம்தான் தவறு.

தராசு: கட்டணம் வாங்க முடியாதபோதுதான் 6 உச்ச விலை. இங்கே விலையைக் குறைத்தால் வாங்குபவருக்குக் கிடைக்கும் உபரி முழுவதும் கட்டணமாக நம்மிடமே திரும்பிவிடுகிறது. தனிநபர் தேவை q = 10 − p. விலை 3 என்றால் விற்பனை லாபம் 7, கட்டணம் 24.5, ஆக 31.5, விலை 2 என்றால் விற்பனையில் லாபமே இல்லை, ஆனால் 8 அலகு வாங்குவதால் கட்டணம் 32. இன்னும் இறங்கி 1 என்று வைத்தால் கட்டணம் 40.5 ஆக உயர்ந்தாலும், 9 அலகிலும் தலா 1 நட்டப்பட்டு மீண்டும் 31.5-க்கே வந்துவிடும். விலை செலவுக்குச் சமமாகும் இடத்தில்தான் உச்சம் என்பதை இந்த இரு பக்கச் சரிவே காட்டிவிடும்.

நீச்சல்காரர்: நான் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறேன். மாதச் சந்தா மட்டும் வாங்குகிறேன், ஒவ்வொரு வருகைக்கும் தனியாக எதுவும் இல்லை. சந்தாவை உயர்த்தியதும் வாரம் ஒரு முறை வருபவர்கள் நின்றுவிட்டார்கள். அப்படியானால் இந்தக் கணக்கே பொய்யா?

தராசு: வருகைக்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பமென்றால் உங்கள் முறை சரிதான். ஆனால் உங்களிடம் வருபவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். எல்லோருக்கும் ஒரே சந்தா வைத்தால், குறைவாக வருபவர் தாங்கும் அளவே வரம்பாகிவிடும். அவரை இழப்பதா, சந்தாவைக் குறைப்பதா என்பது வேறு கணக்கு.

கரைமேல்: சரி, விலை 2 என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சரியாக 32 கேட்டால் வருபவருக்கு மிச்சம் பூஜ்யம். பிறகு ஏன் வருவார்? 31.99 என்றுதான் எழுத வேண்டும்.

பழையபெஞ்சு: சமநிலையில் வருவார் என்று வைத்துக்கொள்வதே மரபு.

கரைமேல்: மரபு காரணம் ஆகாது. 31.99 கேட்டால் 31.995 ஏன் கூடாது என்ற கேள்விக்கும் உங்களிடம் பதில் இல்லை.

குமிழி: தனிநபர் கோட்டில் போட்டேன், 32 வந்துவிட்டது. நன்றி.