மேற்பார்வையாளர் பயிற்சி லாபமா? தொழிலாளரின் மனநிறைவுக்கு எப்படி விலை போடுவது?

பஞ்சுநூல்:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். தையல் லைன் மேற்பார்வையாளர்கள் 12 பேருக்கு, தொழிலாளரிடம் பேசும் விதம் பற்றிப் பயிற்சி கொடுத்தோம். கட்டணம், வகுப்பில் இருந்த நேரத்தின் சம்பளம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ரூ.2,20,000. அவர்களின் கீழ் 300 டெய்லர்கள். முந்தைய ஆறு மாதத்தில் 60 பேர் வேலையை விட்டார்கள், பிந்தைய ஆறு மாதத்தில் 42. ஒருவர் போனால், புதியவரைப் பிடித்து அவருக்குக் கை வேகம் வரும்வரை ரூ.10,000 செலவு. ஆக மிச்சம் ரூ.1,80,000. லைனில் அதட்டல் குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு என்ன விலை? முதலாளி எண் கேட்கிறார்.

ஓவர்லாக்:
எங்களிடம் பயிற்சி முடிந்த கையோடு இரண்டு பேர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஒப்பந்தம் எழுதி வாங்கினீர்களா?

பஞ்சுநூல்:
அது வேறு பிரச்சினை அண்ணா. எங்கள் 12 பேரும் இருக்கிறார்கள்.

வரவுசெலவு:
மேற்பார்வையாளர்களையே கேளுங்கள். முன்னேற்றத்தில் 60% பயிற்சியால் வந்தது என்று சொல்லி, அந்தக் கணிப்பில் பாதிதான் நிச்சயம் என்றால், 30% மட்டும் எடுங்கள்.

கணக்கர்:
வேறு வழியே இல்லாதபோது அது உதவும். ஆனால் பயிற்சி பெற்றவர் அதைக் குறைத்துச் சொல்வது அரிது. பயிற்சி பெறாத லைன்கள் உண்டா?

பஞ்சுநூல்:
உண்டு. அங்கே 50 பேர் விட்டது 45 ஆனது. முந்தைய ஆறு மாதத்தில் தீபாவளி வந்தது.

கணக்கர்:
போனஸ் வாங்கி ஊருக்குப் போய்த் திரும்பாதவர்கள் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார்கள். பயிற்சி இல்லாமலேயே 10% குறைந்திருக்கிறது. உங்கள் 60 தானாகவே 54 ஆகியிருக்கும். பயிற்சியால் நின்றவர்கள் 12 பேர், அதாவது ரூ.1,20,000. துண்டு ரூ.1,00,000.

இனி மனநிறைவுக்கு விலை தேடாதீர்கள். கேள்வியைத் திருப்புங்கள்: இந்த ஒரு லட்சத்தை ஈடுகட்ட எது எவ்வளவு மாறியிருக்க வேண்டும்? ஒரு டெய்லர் சொல்லாமல் வராவிட்டால் லைன் தேங்கி எவ்வளவு நஷ்டம்?

பஞ்சுநூல்:
சுமார் ரூ.500. விற்பனை மதிப்பல்ல, துணி, நூல் செலவு போக மிஞ்சுவது.

கணக்கர்:
அப்படியானால் 200 விடுப்பு நாட்கள் குறைந்திருக்க வேண்டும். தலைக்கு ஒரு நாள்கூட இல்லை. வருகைப் பதிவேட்டில் பாருங்கள், மற்ற லைன்களோடு ஒப்பிட்டு. வேலையை விட்டவர்கள் கடைசி வாரங்களில் எடுத்த விடுப்பைக் கழித்துவிடுங்கள். அவர்களை ஏற்கெனவே ஒருமுறை எண்ணிவிட்டோம்.

பஞ்சுநூல்:
பார்த்தேன். 240 குறைந்திருக்கிறது. நீங்கள் சொன்னபடி கழித்தால் 170.

கணக்கர்:
ரூ.85,000. இன்னும் ரூ.15,000 குறைகிறது. முதலாளியிடம் அப்படியே சொல்லுங்கள். 'மனநிறைவு' என்று ஒரு வரி சேர்த்து ஈடுகட்டினால் மற்ற எண்களையும் நம்பமாட்டார். அதட்டல் குறைந்ததைத் தொகை போடாமல் தனியாக எழுதுங்கள்.

வரவுசெலவு:
ஏழாவது மாதத்தையும் சேர்த்தால் தேறிவிடுமே?

கணக்கர்:
பலன் அதே அளவில் நீடித்தால் தேறும். மேற்பார்வையாளர்கள் பழைய பேச்சுக்குத் திரும்பலாம். அது தெரிய, மற்ற லைன்களுக்கு அதுவரை பயிற்சி கொடுக்காமல் இருக்க வேண்டும்.

பஞ்சுநூல்:
அங்கேதான் சிக்கல். அந்த லைன்களுக்கு அடுத்த மாதமே பயிற்சி தொடங்க முதலாளி தேதி குறித்துவிட்டார்.