ஓ.பி.யில் கேட்க ஏழு கேள்வி

மீனா: எங்கள் ஓ.பி.க்கு வருகிறவர்களிடம் கேட்க ஏழு கேள்வி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பாதிப் பேருக்குப் படிக்க வராது. முதல் கேள்வி சரியா பாருங்கள்: "மருத்துவர், செவிலியர் ஆகியோரின் அணுகுமுறையும் விளக்கமும் திருப்தி அளித்தனவா? 1 முதல் 5 வரை மதிப்பெண் தரவும்."

செல்வம் மாமா: எண்ணை எடுத்துவிட்டுச் சிரிச்ச முகம், அழுத முகம் போடு. வேலை முடிந்தது.

கவிதா அக்கா: முகம் போடலாம் மாமா, ஆனால் அதோடு முடியாது. நான் கணக்கெடுப்புக்குப் போனபோது ஒரு அம்மா நேராக அழுத முகத்தைத் தொட்டார். ஏன் என்று கேட்டால், "முட்டி வலிக்குதே, எப்படிச் சிரிப்பேன்" என்கிறார்.

மீனா: 😄

கவிதா அக்கா: மீனா, உன் ஒரு கேள்விக்குள் நாலு கேள்வி இருக்கிறது. டாக்டர் நன்றாகப் பேசி, நர்ஸ் சிடுசிடுத்திருந்தால் எந்த எண்ணைச் சொல்வார்கள்? அப்புறம், "திருப்தியா" என்றால் முக்கால்வாசிப் பேர் "நல்லாத்தான் இருக்கு" என்றுவிட்டுப் போய்விடுவார்கள். நடந்ததைக் கேள். "மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொன்னார்களா?" ஆமாம், இல்லை, இரண்டே பதில்.

வசந்தா அத்தை: எனக்கு யாரும் சொல்லவில்லை. போன மாதம் இரண்டையும் ஒரே வேளையில் போட்டுக்கொண்டேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்றாம்.

மீனா: அத்தை, உங்களைக் கேட்கவில்லை 😄

கவிதா அக்கா: கேட்காமலே சொல்லிவிட்டார் பார். விளக்கம் திருப்தியா என்று கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

செல்வம் மாமா: எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள் என்றும் கேள்.

கவிதா அக்கா: நிறையப் பேர் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள் மாமா. டோக்கனில் நேரம் இருந்தால் நாமே பார்த்துக்கொள்ளலாம். அவர்களிடம் "உட்கார இடம் கிடைத்ததா?" போதும்.

மீனா: இது? "உங்களிடம் யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லையா?"

கவிதா அக்கா: இதற்கு "ஆமாம்" என்றால் பேசினார்கள் என்றா, பேசவில்லை என்றா? "மரியாதையாகப் பேசினார்களா?" என்று மாற்று. கேட்பது யார்?

மீனா: நர்ஸ்தான். வேறு ஆள் இல்லை.

கவிதா அக்கா: ஊசி போட்டவரிடமே ஊசியைப் பற்றி யார் குறை சொல்வார்கள்? மருந்து வாங்கிய பிறகு, வாசல் பக்கம் வேறு யாராவது கேட்கட்டும்.

செல்வம் மாமா: ஆளே வேண்டாம். இரண்டு டப்பா வைத்து, கையில் ஒரு அட்டை வில்லையைக் கொடு. பிடித்த டப்பாவில் போட்டுவிட்டுப் போகட்டும்.

கவிதா அக்கா: ஒரு கேள்விக்குச் சரி. ஏழு கேள்விக்குப் பதினாலு டப்பாவா?

மீனா: மேலிடத்தில் ஆள் கேட்டுப் பார்க்கிறேன். கிடைப்பது சந்தேகம்தான்.

கவிதா அக்கா: அச்சுக்குக் கொடுக்கும் முன் ஐந்தாறு பேரிடம் வாசித்துக் காட்டு. பதில் வேண்டாம். "நான் என்ன கேட்டேன், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேள்.

மீனா: சரி, அத்தையிடமே ஆரம்பிக்கிறேன். "டாக்டர் நீங்கள் சொன்னதை முழுசாகக் கேட்டாரா?" நான் என்ன கேட்டேன் அத்தை?

வசந்தா அத்தை: டாக்டருக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று.

செல்வம் மாமா: 😂😂

கவிதா அக்கா: சிரிக்காதீர்கள் மாமா, தப்பு கேள்வியில்தான். மீனா, இப்படி வை: "டாக்டரிடம் சொல்ல நினைத்ததை எல்லாம் சொல்ல முடிந்ததா?"

வசந்தா அத்தை: இதற்கு "இல்லை" என்று எழுதிக்கொள்.