புதுப்பிப்பு: தாவகமா, தாவுதளமா?

“விண்கலம் தாவும் இடம் மூன்றாம் அத்தியாயத்தில் தாவகம், ஒன்பதில் தாவுதளம். எப்படிச் சீராக்குவது?” என்று விண்வெளிக் கதை ஒன்றைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன்.

தாவுதளம் என்றே முடிவு. நாகர்கோவில் நண்பர் ‘தேடி மாத்தினா போச்சு’ என்றார். பாதி சரி. ‘தாவகம்’ என்று தேடினால் தாவகத்தில், தாவகங்கள் எல்லாம் சிக்காது. பத்திரங்கள் மொழிபெயர்க்கும் தக்கலை அக்கா ‘தாவக’ என்று மட்டும் தேடி, ‘தாவுதள’ என்று மாற்றச் சொன்னார். இரண்டும் மகர ஈறு என்பதால் தாவுதளத்தில், தாவுதளங்கள் என்று ஒழுங்காக விழுந்தன. ஆனால் மொத்தமாக மாற்றினால் ‘தாவக் கூடாது’ என்பதிலும் ‘தாவக’ சிக்கி, அது ‘தாவுதள் கூடாது’ ஆகிவிடும்! அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றினேன். சொற்பட்டியலில் இப்போது வேற்றுமை வடிவத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

குளச்சல் அண்ணன் மட்டும் ‘துறை போதுமே’ என்கிறார். துறையில் கப்பல் வந்து நிற்கும், இங்கே கலம் மறைந்துவிடும் என்றேன். அவர் ஒப்பவில்லை.