எண்ணெயை நிறுத்திவிட்டுக் கபடி ஆடலாமா?

தங்கச்சிமடம் ரைடர்:
வயது 21, எடை 64 கிலோ. காலையில் கடற்கரை மணலில் ஓட்டம், மாலையில் இரண்டு மணி நேரம் கபடி. "எண்ணெய் கூடவே கூடாது" என்று எங்கள் பயிற்சியாளர் சொன்னதால் ஒரு மாதமாக அவித்த மீன், இட்லி, சோறு, ரசம், முட்டையின் வெள்ளைக்கரு மட்டும்தான். எடை 62.5 ஆகிவிட்டது. இரண்டாவது பாதியில் கால் வரவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய், எந்த எண்ணெய்?

செக்கடி மகன்:
தம்பி, கடையில் பாக்கெட்டில் வரும் எண்ணெயைத்தான் நிறுத்த வேண்டும். மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்றால் அளவே பார்க்க வேண்டாம். அதில் கொலஸ்ட்ரால் கிடையாது, உடம்பில் தங்காது. எங்கள் தாத்தா தினமும் இட்லிப் பொடிக்குக் குழி நிறைய நல்லெண்ணெய் ஊற்றித்தான் சாப்பிட்டார். பரமக்குடியில் எங்கள் செக்குக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

உப்புக்காற்று:
நான் உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன், ராமநாதபுரம்.

தம்பி, முதலில் உங்கள் எடை குறைந்த கணக்கு. முன்பு தாளிப்பு, தோசை, பொரித்த மீன் எல்லாம் சேர்ந்து நாளைக்கு 40 கிராம் எண்ணெய் உள்ளே போயிருக்கும். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி, ஆக 360 கலோரி. அதை நிறுத்தியபோது அந்த இடத்தில் வேறு எதையும் நீங்கள் வைக்கவில்லை. முப்பது நாளில் பத்தாயிரத்துக்கு மேல் கலோரி பற்றாக்குறை, ஒன்றரைக் கிலோ போனதற்கு அதுவே போதும். இரண்டாவது பாதியில் கால் வராததற்கும் இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது நீங்கள் சாப்பிடுவதில் மீனிலும் பருப்பிலும் அரிசியிலும் இருந்து வரும் கொழுப்பு 20 கிராம் பக்கம்தான் இருக்கும். மொத்த கலோரியில் அது பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. வளர்ந்தவர்களுக்கு 15 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பு சொன்ன அடிமட்டம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களைக் குடல் இழுத்துக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். உடம்பு தானே செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்களும் சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும்.

உங்கள் ஆட்டத்துக்கு நாளைக்கு 2800 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கால் பங்கு கொழுப்பு என்றால் 700 கலோரி, சுமார் 78 கிராம். இது முழுவதும் எண்ணெய் அல்ல. மஞ்சள் கருவோடு இரண்டு முட்டையில் 10, ஒரு தம்ளர் பாலில் 8, மீன், தேங்காய், பருப்பு, அரிசியில் 20 வந்துவிடும். மீதி 40 கிராம் எண்ணெய். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் கடின உழைப்பு செய்யும் ஆணுக்குச் சமையல் எண்ணெய் 40 கிராம், மிதமான உழைப்புக்கு 30, உட்கார்ந்த வேலைக்கு 25 என்றுதான் சொல்கிறது. காய்ச்சல் மருந்தோடு வரும் மூடியில் 5 மில்லி கோடு வரை எண்ணெய் எடுத்தால் 4.5 கிராம். அப்படி ஒன்பது மூடி.

செக்கடி அண்ணே, எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, பாக்கெட் எண்ணெயிலும்தான். செக்கு எண்ணெயில் மணமும் வைட்டமின் ஈயும் கூடுதலாகத் தங்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். கலோரி ஒரே அளவுதான்.

பாம்பன் படகு:
அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் அப்பா முப்பது வருடம் விசைப்படகில் போனவர். படகில் மீனைத் தேங்காய் எண்ணெயில் பொரித்துத்தான் சாப்பிடுவார்கள், வலை இழுக்கிற வேலைக்கு அது செரித்துவிடும் என்பார்கள். கரைக்கு வந்து ஓய்ந்து உட்கார்ந்த பிறகும் அதே சாப்பாடு. 58 வயதில் ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தோம். அப்போது தப்பு எண்ணெயிலா, அளவிலா?

உப்புக்காற்று:
வருத்தமாக இருக்கிறது தம்பி. அவரைப் பார்க்காமல் இன்னதுதான் காரணம் என்று நான் சொல்லக் கூடாது, பீடி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் இரண்டையும் பார்க்க வேண்டும். வேலை நின்றபோது 40 கிராம் 25 ஆகக் குறைந்திருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு, கடலை எண்ணெயில் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே. நிறைவுற்றது கூடினால் கெட்ட கொலஸ்ட்ரால் கூடும்.

செக்கடி மகன்:
இங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேங்காய் எண்ணெய் நேராக ஈரலுக்குப் போய் உடனே எரிகிற வகை. விளையாடுகிறவனுக்கு அதைவிட நல்லது எது?

உப்புக்காற்று:
அந்தப் பேச்சு அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சிறு பகுதிக்குப் பொருந்தும். பாட்டிலில் இருப்பதில் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம். அதில் பெரும்பங்கு மற்றக் கொழுப்பு போகிற வழியில்தான் போகிறது. துவையலுக்குத் தாளிக்க ஒரு மூடி ஊற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்பது மூடியும் அதுவாக இருக்க வேண்டாம். தாளிப்புக்கும் தோசைக்கும் நல்லெண்ணெய், பொரிக்கக் கடலை எண்ணெய் என்று மாற்றி மாற்றி வைத்தால் போதும்.

மண்டபம் பாசி:
நான் பாசி எடுக்கப் போகிறவள். விடியலில் கடலில் இறங்கினால் மதியம்தான் கரை. எங்களுக்கு எண்ணெய் கூடிவிட்டது என்கிற கவலையே இல்லை. ரேஷனில் மாதம் ஒரு லிட்டர் பாமாயில், கடையில் இன்னொரு லிட்டர், வீட்டில் ஐந்து பேர். பாமாயில் கெடுதல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூட்டு வலிக்கு நல்லெண்ணெய் குடித்தால் நல்லது என்கிறார்களே, உண்மையா?

உப்புக்காற்று:
அக்கா, குடிப்பதால் மூட்டு வலி போகாது, வலிக்கு டாக்டரைப் பாருங்கள். ஆனால் உங்கள் கணக்கு முக்கியமானது. இரண்டு லிட்டர் என்பது சுமார் 1820 கிராம். 150 ஆல் வகுத்தால் ஒரு ஆளுக்கு நாளைக்கு 12 கிராம். கடலில் இறங்கி உழைக்கிற பெண்ணுக்கு 30 கிராம் வேண்டும். பாமாயிலில் பாதி நிறைவுற்ற கொழுப்புதான். ஆனாலும் இந்த அளவில் பாமாயிலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டாவது லிட்டரை மட்டும் கடலை எண்ணெயாக வாங்குங்கள். சாளை மலிவாக வரும் நாளில் குழம்பாக வையுங்கள். அதன் கொழுப்பு இதயத்துக்கு நல்லது, நாம் ஊற்றும் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அந்த வகை இல்லை. பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஒரு கைப்பிடி.

பாம்பன் படகு:
பொரித்த எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்துவதைப் பற்றியும் சொல்லுங்கள். கரையோரம் மீன் பொரிக்கிற கடைகளில் சட்டி எண்ணெய் கறுத்துக் கிடக்கிறது.

உப்புக்காற்று:
வீட்டில் 100 மில்லி ஊற்றிப் பொரித்து 60 மில்லி மிஞ்சினால், நான்கு பேர் 36 கிராம் சாப்பிட்டிருக்கிறார்கள், ஆளுக்கு 9. அந்த 60ஐ வடிகட்டி இரண்டு நாளுக்குள் குழம்புத் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். நுரை அடங்காமல் பொங்கினால், கையில் பிசுபிசுத்தால், அடுப்பில் வைத்ததும் புகைந்தால் கொட்டிவிட வேண்டும். இன்னொன்று, நம் ஊர் வெக்கைக்குச் செக்கு எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஐந்து லிட்டர் கேனில் வாங்காமல் ஒவ்வொரு லிட்டராக வாங்கி, வெயில் படாத இடத்தில் மூடி வையுங்கள்.

செக்கடி மகன்:
சிக்கு வாடை விஷயம் சரி, நாங்களே அப்படித்தான் சொல்லி விற்கிறோம். தேங்காய் எண்ணெய் விஷயத்தில் என் மனம் மாறவில்லை.

தங்கச்சிமடம் ரைடர்:
அக்கா, அப்போது எங்கள் பயிற்சியாளர் சொன்னது முழுக்கத் தப்பா?

உப்புக்காற்று:
இல்லை. கொழுப்பு வயிற்றில் நேரம் எடுக்கும். மதியம் பொரித்த மீனைச் சாப்பிட்டுவிட்டு நாலரை மணிக்குக் களத்தில் இறங்கினால் வயிறு கனக்கும். அவர் பார்த்தது அதுவாக இருக்கலாம். மதியம் குழம்பு மீனும் சோறும், பொரித்ததை ஆட்டம் முடிந்து இரவில் வையுங்கள். ஒரேயடியாக ஒன்பது மூடிக்குப் போகாமல் இந்த வாரம் நான்கு, அடுத்த வாரம் ஏழு என்று ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வயிறு கலங்கும்.

தங்கச்சிமடம் ரைடர்:
நாளைக் காலை மூடியும் கையுமாக அம்மாவிடம் நிற்கிறேன். மஞ்சள் கரு விஷயத்தை மட்டும் பயிற்சியாளரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.